டோல்கேட் கணக்கு: ஆண்டு பாஸ் யாருக்கு லாபம்?

2025 ஆகஸ்ட் 15 அன்று ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ் நடைமுறைக்கு வந்தது. முதல் நாளிலேயே ஏறத்தாழ 1.4 லட்சம் பேர் வாங்கினார்கள். நான்கே நாளில் எண்ணிக்கை ஐந்து லட்சத்தைத் தொட்டது. அந்த நான்கு நாட்களில் அதிகமாக வாங்கியவர்கள் தமிழ்நாட்டுக்காரர்கள் என்று தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையம் சொன்னது. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. தாம்பரத்தில் வண்டியைக் கிளப்பித் திருச்சி போய்ச் சேர்வதற்குள் பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம் என ஆறு சுங்கச்சாவடிகள் குறுக்கிடுகின்றன. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போய்வருகிறவர்களுக்கு ஒவ்வொரு சாவடியிலும் கைபேசியில் வந்து விழும் குறுஞ்செய்தி பழகிப்போன எரிச்சல்.

அடிக்கடி ஓடுகிறவர் பாஸ் வாங்கிவிட வேண்டும், எப்போதோ போகிறவருக்கு அது வேண்டாம் என்பதுதான் பரவலான பேச்சு. இதில் பாதிதான் சரி. கணக்கைப் பிரித்துப் பார்த்தால் ஆண்டு பாஸ் பலன் தருவது நடுவில் இருப்பவர்களுக்குத்தான். ஆண்டுக்கு இரண்டு முறை ஊருக்குப் போகிறவருக்கு அது நட்டம் என்பது எல்லோருக்கும் தெரிகிறது. வீட்டுக்குப் பக்கத்துச் சாவடியைத் தினமும் இரண்டு தடவை தாண்டி வேலைக்குப் போகிறவருக்கும் அது சிறந்த வழியல்ல என்பது பலருக்குத் தெரிவதில்லை. அவருக்கு இதைவிட மலிவான ஏற்பாடு ஒன்று 2008ஆம் ஆண்டு விதிகளிலேயே இருக்கிறது. அதைப் பற்றிய விளம்பரம்தான் இல்லை.

முதலில் பாஸில் என்ன கிடைக்கிறது என்று பார்க்கலாம். 2025-26ஆம் நிதியாண்டுக்கு அதன் விலை ரூ.3,000 ஆக இருந்தது; இங்கே வரும் கணக்குகள் எல்லாம் அந்த ஆண்டு விலைகளில்தான். சொந்த உபயோகத்துக்குப் பதிவான கார், ஜீப், வேன் ஆகியவற்றுக்கு மட்டும்தான் தருவார்கள்; மஞ்சள் பலகை வண்டிகளுக்குக் கிடையாது. பணம் கட்டியதிலிருந்து ஓராண்டு, அல்லது 200 தடவை, இரண்டில் எது முந்துகிறதோ அதோடு பாஸ் முடிந்துவிடும். நம் ஊர்ச் சாலைகளில் இருப்பதுபோல ஒவ்வொரு சாவடியும் தனித்தனியாகக் கட்டணம் பிடிக்கும் இடங்களில், ஒரு சாவடியை ஒருமுறை தாண்டுவது ஒரு தடவை. போய்த் திரும்பினால் இரண்டு. டெல்லியைச் சுற்றியுள்ள கிழக்குப் புறவழி விரைவுச்சாலை போன்றவற்றில் ஏறும் இடத்தையும் இறங்கும் இடத்தையும் பார்த்து ஒரே கட்டணமாகப் பிடிப்பார்கள். அங்கே ஏறி இறங்குவது சேர்ந்து ஒரு தடவை. ஆகவே 200 என்ற எண்ணைப் பார்த்து இருநூறு முறை ஊருக்குப் போகலாம் என்று எண்ணக் கூடாது. தாம்பரத்திலிருந்து திருச்சிக்குப் போய்வந்தால் 12 தடவை தீர்ந்துவிடுகிறது. 200 என்பது இந்தச் சாலையில் பதினாறு பயணங்களுக்கும் கொஞ்சம் மேல்.

மூவாயிரத்தை 200ஆல் வகுத்தால் 15. ஒரு சாவடிக்குப் பதினைந்தே ரூபாய் என்பதுதான் பாஸுக்காகச் சொல்லப்படும் வாதம். 200 தடவையும் தீர்ப்பவருக்கு இது சரியான எண். அறிவிப்பு வந்த நேரத்தில் ஏழாயிரம் ரூபாய் மிச்சம் என்று பேசப்பட்ட கணக்கும் இதே அடிப்படையில் வந்ததுதான்: ஒரு சாவடிக்கு 50 ரூபாய் வீதம் 200 தடவைக்குப் பத்தாயிரம், அதில் மூவாயிரம் போக மீதி ஏழாயிரம். ஆனால் குடும்பக் கார் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் ஓராண்டில் 200ஐ எட்டுவதில்லை. எழுபது தடவை போகிறவருக்கு ஒரு சாவடி ஏறத்தாழ 43 ரூபாய் விழுகிறது. அப்போதும் பாஸ் லாபமாக இருக்கலாம். லாபமா என்பதை அந்த எழுபது தடவைக்குப் பாஸ் இல்லாமல் எவ்வளவு கட்டியிருப்பார் என்பதுதான் சொல்லும். பதினைந்து ரூபாய் சொல்லாது.

இங்கேதான் கணக்குத் தவறுகிறது. பாஸ் இல்லாவிட்டால் கட்டவேண்டிய தொகை என்று எல்லோரும் சாவடிப் பலகையில் ஒருவழிப் பயணத்துக்கு எழுதியிருக்கும் தொகையை எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் ஃபாஸ்டேக் வைத்திருப்பவர் எப்போதும் அந்தத் தொகையைக் கட்டுவதில்லை. 2008ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகள் மூன்று சலுகைகளைத் தருகின்றன. ஒரே சாவடியை 24 மணி நேரத்துக்குள் திரும்பத் தாண்டினால், போக வர இரண்டுக்கும் சேர்த்து ஒன்றரை மடங்கு கட்டினால் போதும். ஒரு சாவடியை மாதத்தில் ஐம்பது தடவை தாண்டுவதற்கான மாதாந்திர பாஸ் மூன்றில் இரண்டு பங்கு விலையில் கிடைக்கும். மூன்றாவது, சாவடியிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர் தன் சொந்த வண்டிக்கு எடுக்கக்கூடிய உள்ளூர் மாதாந்திர பாஸ். 2007-08இல் மாதம் ரூ.150 என்று தொடங்கிய இது ஆண்டுதோறும் திருத்தப்பட்டு 2025-26இல் ரூ.350க்கு வந்தது. ஆண்டு பாஸை இவற்றில் நமக்குப் பொருந்துகிற மலிவானதோடுதான் ஒப்பிட வேண்டும். பலகை விலையோடு ஒப்பிட்டால் பாஸ் எப்போதும் அழகாகத்தான் தெரியும்.

திருச்சிப் பயணத்தையே எடுத்துக்கொள்வோம். சாவடிக்குச் சாவடி கட்டணம் வேறுபடும். ஏப்ரல் முதல் தேதியில் மாறவும் செய்யும். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று ஒரு சாவடிக்குச் சராசரி 80 ரூபாய் என வைத்துக்கொள்கிறேன். உங்கள் கணக்கில் உங்கள் தொகையைப் போட்டுக்கொள்ளலாம். ஒருவழிக்கு ஆறு சாவடிகள், 480 ரூபாய். வெள்ளி இரவு போய் ஞாயிறு மாலை திரும்பும் குடும்பத்துக்குத் திரும்பு சலுகை கிடைக்காது. ஆக ஒரு பயணத்துக்கு 960. மூன்று முறை போய்வந்தால் 2,880. பாஸ் விலைக்கு 120 ரூபாய் குறைவு. நான்காவது முறை போனால் 3,840, பாஸ் 840 ரூபாய் லாபம். ஆறு முறை போகிற குடும்பத்துக்கு 5,760 ஆகியிருக்கும், 2,760 மிச்சம். அவர்கள் பயன்படுத்தியது 72 தடவை மட்டுமே, 128 வீணாகப் போகிறது. வீணாகப் போகட்டும். தீராத தடவைகளை நினைத்து வருந்துவது கணக்கில் சேராத வருத்தம்.

இதே குடும்பம் திருமணம், கருமாதி என்று காலையில் போய் இரவில் திரும்பும் வகையாக இருந்தால் ஒரு பயணத்துக்கு 720தான் ஆகும். அப்போது நான்கு முறைக்கு 2,880. ஐந்தாவது முறைதான் பாஸுக்கு நியாயம் செய்யும். அதே ஊர், அதே சாலை. தங்குகிறார்களா திரும்புகிறார்களா என்பதை வைத்து ஒரு பயணம் கூடுகிறது.

இந்த 24 மணி நேரம் பயணம் முழுவதற்கும் சேர்த்து ஒரே கடிகாரத்தில் ஓடுவதில்லை. ஒவ்வொரு சாவடியிலும் அங்கே முதல் முறை தாண்டிய நேரத்திலிருந்து அதற்கான கடிகாரம் தனியாக ஓடத் தொடங்குகிறது. சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் பரனூரைத் தாண்டிய ஒருவர் திருமாந்துறையை எட்டே முக்காலுக்கும் சமயபுரத்தை ஒன்பதரைக்கும் தாண்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓர் இரவு தங்கி, ஞாயிறு காலை எட்டரைக்குச் சமயபுரத்தைத் திரும்பத் தாண்டுகிறார். இடையில் 23 மணி நேரம்தான், பாதிக் கட்டணம் பிடிப்பார்கள். முக்கால் மணி கழித்துத் திருமாந்துறை வருகிறது. அங்கே 24 மணி நேரம் கடந்து அரை மணி ஆகிவிட்டது, முழுக் கட்டணம். அதற்கு வடக்கே உள்ள நான்கிலும் இடைவெளி இன்னும் கூடுதல், எல்லாம் முழுக் கட்டணம். போன ஊருக்குப் பக்கத்துச் சாவடியில் சலுகை கிடைக்கும், வீட்டுக்குப் பக்கத்துச் சாவடியில் கிடைக்காது. தன் செலவை மனக்கணக்காகப் போடுகிறவர்கள் இதைப் பிடிக்க முடியாது. அதனால்தான் நினைவை நம்பாமல் வங்கி அறிக்கையைப் பார்க்கச் சொல்கிறேன்.

ஃபாஸ்டேக் தந்த வங்கியின் செயலியிலோ இணையதளத்திலோ கடந்த பன்னிரண்டு மாத அறிக்கையை இறக்கிக்கொள்ளலாம். அதில் சாவடியின் பெயர், தாண்டிய நேரம், பிடித்த தொகை மூன்றும் வரிவரியாக இருக்கும். திரும்பு சலுகை ஏற்கெனவே கழிக்கப்பட்ட தொகைதான் அங்கே வருகிறது என்பதால் தனியாகச் சதவீதம் போட்டுத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பாதித் தொகை பிடித்த வரிகளைப் பார்த்தாலே எந்தப் பயணங்களில் 24 மணி நேரத்துக்குள் திரும்பினீர்கள் என்று தெரியும்.

அந்த அறிக்கையில் செய்யவேண்டிய முதல் வேலை, பாஸ் செல்லாத வரிகளை அடித்துவிடுவது. ஆண்டு பாஸ் தேசிய நெடுஞ்சாலைகளிலும் தேசிய விரைவுச்சாலைகளிலும் மட்டும்தான் செல்லும். மாநில அரசின் சாலைகளில் செல்லாது. சென்னை வெளிவட்டச் சாலையில் பிடிப்பது மாநிலக் கட்டணம். கிழக்குக் கடற்கரைச் சாலையின் உத்தண்டிச் சாவடியும் அப்படித்தான். வட இந்தியா பக்கம் போனால் யமுனா விரைவுச்சாலை, ஆக்ரா–லக்னோ விரைவுச்சாலை, மும்பை–புனே விரைவுச்சாலை எல்லாம் இதே வகை. ஃபாஸ்டேக்கில் கட்டும் வாகன நிறுத்தக் கட்டணமும் சேராது. வண்டலூரில் திரும்பி வெளிவட்டச் சாலை வழியாகச் செங்குன்றம் போகிறவர், தான் கட்டும் எல்லாக் கட்டணமும் ஒரே வகை என்று நினைத்துப் பாஸ் வாங்கினால் பாதி ஏமாற்றம் காத்திருக்கிறது. இந்த வரிகளை நீக்கியபின் மிஞ்சும் தொகையைக் கூட்டுங்கள், வரிகளை எண்ணுங்கள். தொகை, எண்ணிக்கை என்ற இரண்டு எண்கள் கையில் இருந்தால் பெரும்பாலோர்க்கு விடை கிடைத்துவிடும். எண்ணிக்கை 200க்குள், தொகை மூவாயிரத்துக்கு மேல் என்றால் பாஸ் வாங்கலாம். தொகை குறைவென்றால் வேண்டாம்.

எண்ணிக்கை 200ஐத் தாண்டுகிறவர்களுக்குத்தான் சற்று யோசிக்க வேண்டியிருக்கிறது. வேலூரிலிருந்து வாரம் ஒருமுறை சென்னைக்கு வந்து அன்றே திரும்புகிற ஒரு விற்பனையாளரை நினைத்துக்கொள்வோம். வழியில் சென்னசமுத்திரம், நெமிலி என இரண்டு சாவடிகள். வாரத்துக்கு நான்கு தடவை. அதே 80 ரூபாய் சராசரியில், திரும்பு சலுகை போக வாரத்துக்கு 240 ரூபாய், ஆண்டுக்கு 12,480. தடவைக் கணக்கில் 208. பாஸ் ஐம்பதாவது வாரத்தோடு தீர்ந்துவிடும். மீதி இரண்டு வாரத்துக்கு இன்னொரு மூவாயிரமா என்று தயங்குவார். தயங்க வேண்டியதில்லை. 200 தீர்ந்ததும், ஓராண்டு முடியாவிட்டாலும், உடனே அடுத்த பாஸ் வாங்கலாம். புதிய பாஸுக்கு அன்றிலிருந்து புதிய ஓராண்டு, புதிய 200. எட்டு தடவைக்காக மூவாயிரம் போவதில்லை. அடுத்த ஐம்பது வாரங்களுக்கான பாஸ் இரண்டு வாரம் முன்னதாகத் தொடங்குகிறது, அவ்வளவுதான். வேலை மாறாமல் இதே ஓட்டம் தொடரும் வரை இவருக்கு ஒரு தடவை உண்மையிலேயே 15 ரூபாய்தான். பாஸின் முழுப் பலனையும் அனுபவிப்பவர் இவர்.

இப்போது தினமும் ஓடுகிறவரிடம் வருவோம். செங்கல்பட்டில் வீடு, கூடுவாஞ்சேரியில் வேலை. இடையில் பரனூர் ஒன்றுதான். மாதம் 25 நாள், ஐம்பது தடவை, ஆண்டுக்கு 600. கட்டணம் மறுபடியும் 80 என்றே கொள்வோம். எந்தப் பாஸும் இல்லாமல் திரும்பு சலுகையோடு மட்டும் போனால் நாளுக்கு 120, மாதம் மூவாயிரம், ஆண்டுக்கு 36,000. ஐம்பது தடவைக்கான சாதாரண மாதாந்திர பாஸ் எடுத்தால் மாதம் சுமார் 2,667, ஆண்டுக்கு 32,000. ஆண்டு பாஸ் வாங்கினால் நான்கு மாதத்துக்கு ஒன்று வீதம் மூன்று பாஸ், 9,000. முப்பத்தாறாயிரம் எங்கே, ஒன்பதாயிரம் எங்கே என்று அவர் மகிழ்ந்துபோய் நிறுத்திவிடக்கூடும். உள்ளூர் மாதாந்திர பாஸோ மாதம் 350 வீதம் ஆண்டுக்கு 4,200தான். அதில் தடவைக்கு வரம்பில்லை. ஆண்டு பாஸ் 200 தடவை என்ற எல்லைக்குள் அடங்குகிறது. உள்ளூர் பாஸோ ஒரே ஒரு சாவடி என்ற எல்லைக்குள் அடங்குகிறது. தினமும் ஒரே சாவடியைத் தாண்டுகிறவருக்கு இரண்டாவது எல்லை எல்லையே அல்ல.

இரண்டுக்கும் இடையிலான கோடு எங்கே விழுகிறது என்று கண்டுபிடிப்பது எளிது. 350ஐ 15ஆல் வகுத்தால் 23.3. மாதத்தில் 24 தடவையோ அதற்கு மேலோ, அதாவது குறைந்தது பன்னிரண்டு நாள் போய்வந்தால், உள்ளூர் பாஸ் மலிவு. அதற்குக் கீழே ஆண்டு பாஸ் மலிவு. வாரத்தில் மூன்று நாள் அலுவலகம், மற்ற நாள் வீட்டிலிருந்தே வேலை என்பவர் இந்தக் கோட்டின் மேலேயே நிற்கிறார். வாரம் இரண்டு நாள் மட்டும் போகிறவருக்கு ஆண்டுக்கு 208 தடவை. அவர் ஆண்டு பாஸ் வாங்கலாம், மற்ற ஊர்களுக்குப் போகும்போதும் அது உதவும். இந்தக் கோட்டில் சாவடியின் கட்டணத்துக்கு இடமில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கட்டணம் 50 ஆனாலும் 100 ஆனாலும் இரண்டு பாஸ்களுக்கு இடையிலான போட்டி 24 தடவையில்தான் முடிவாகிறது.

செங்கல்பட்டுக்காரர் ஆண்டுக்கு நான்கு முறை திருச்சிக்கும் போகிறார் என்றால்? செங்கல்பட்டிலிருந்து தெற்கே போகிறவருக்குப் பரனூர் குறுக்கிடாது. அந்த நான்கு பயணத்துக்கும் மீதி ஐந்து சாவடியிலும் முழுக் கட்டணம் கட்டினார் என்றே வைத்துக்கொண்டாலும் 3,200. உள்ளூர் பாஸோடு சேர்த்து 7,400. எல்லாவற்றையும் ஆண்டு பாஸில் ஓட்டினால் 640 தடவை, தடவைக்கு 15 வீதம் 9,600. அப்போதும் உள்ளூர் பாஸே முந்துகிறது. ஆண்டு பாஸில் இன்ன சாவடியில் கழி, இன்ன சாவடியில் கழிக்காதே என்று தேர்ந்தெடுக்க வழியில்லை; தேசிய நெடுஞ்சாலைச் சாவடி எது வந்தாலும் ஒரு தடவை கழிந்துவிடும். விலை உயர்ந்த சாவடிகளுக்கென்று தடவைகளைச் சேமித்துவைக்க முடியாது. தினசரி ஓட்டம் இருநூறையும் நான்கே மாதத்தில் தின்றுவிடுவது இதனால்தான்.

உள்ளூர் பாஸுக்கும் நிபந்தனைகள் உண்டு. வீடு சாவடியிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். முகவரிச் சான்றும் ஆர்.சி. புத்தகமும் கேட்பார்கள். அந்தப் பாஸில் ஓடும் தூரம் அடுத்த சாவடியைத் தாண்டக் கூடாது. சேவைச் சாலையோ மாற்றுப் பாதையோ இருந்தால் பாஸ் தர வேண்டியதில்லை என்றும் விதி சொல்கிறது. மறுக்கப்படுகிறவர்கள் பெரும்பாலும் இந்த வரியில்தான் சிக்குகிறார்கள். இன்னொன்று, விதியில் இருப்பது நாட்காட்டி மாதம். இருபதாம் தேதி எடுத்த பாஸ் அடுத்த இருபதாம் தேதி வரை ஓடாது, மாதக் கடைசியோடு முடிந்துவிடும். ஆகவே முதல் தேதியில் எடுப்பதே முறை. மாதக் கடைசியில் தொடங்க வேண்டியிருந்தால் மீதி நாட்களுக்குத் தனித்தனியாகக் கட்டினால் 350ஐ எட்டுமா என்று பார்த்துவிட்டு எடுக்கலாம். 80 ரூபாய்ச் சாவடியில் மூன்று நாள் போய்வந்தாலே 360 ஆகிவிடுகிறது.

ஐம்பது தடவைக்கான சாதாரண மாதாந்திர பாஸுக்குத்தான் ஆண்டு பாஸ் வந்தபின் இடமில்லாமல் போயிருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு விலை என்பது 15 ரூபாய்க்குக் கீழே வர வேண்டுமானால் ஒருவழிக் கட்டணம் 22 ரூபாய் 50 காசுக்கும் குறைவாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட சாவடியில் தினமும் ஓடுகிறவர் இருந்தால் அவர் பாக்கியசாலி. வாடகை வண்டிகளுக்கு மட்டும் அந்தப் பாஸ் இன்னும் பொருளுள்ளது, அவர்களுக்கு ஆண்டு பாஸ் கிடையாது என்பதால்.

கடந்த ஆண்டு அறிக்கை ஒரு சான்றுதான்; நாம் வாங்குவது வரப்போகும் ஆண்டுக்கு. இங்கே மனம் செய்யும் ஒரு பிழை பொதுவானது. இதுவரை 2,500 ரூபாய் கட்டியாகிவிட்டது, இன்னும் 500 கட்டினால் பாஸ் விலை வந்துவிடும், அதனால் இப்போதே வாங்கிவிடலாம் என்று நினைப்பார்கள். கட்டிய 2,500 போனது போனதுதான். இன்றைக்கு வாங்கும் பாஸ் இன்றிலிருந்து தொடங்குகிறது. நேற்று வரை தாண்டிய சாவடிகளுக்கு அது ஒன்றும் செய்யாது. கேள்வி இனி வரும் பன்னிரண்டு மாதத்தில் மூவாயிரத்துக்கு மேல் கட்டுவீர்களா என்பது மட்டுமே. மகள் கல்லூரியை முடித்துவிட்டாள், இனி மாதாமாதம் திருச்சிக்குப் போக வேண்டியதில்லை என்றால் பழைய அறிக்கையில் எவ்வளவு பெரிய தொகை இருந்தாலும் அதற்கு மதிப்பில்லை. அதுபோலவே பாஸ் இருக்கிறதே என்பதற்காகப் போன கூடுதல் பயணங்களை மிச்சக் கணக்கில் 80 ரூபாய் வீதம் எழுதிக்கொள்வதும் சரியல்ல. முன்பு பழைய சாலையில் சுற்றிப் போனவர் இப்போது நெடுஞ்சாலையில் போகிறார் என்றால் அவருக்குக் கிடைப்பது அரை மணி நேரம், பணம் அல்ல. அந்த அரை மணிக்கு அவர் வைக்கும் விலை அவருடைய விருப்பம்.

வண்டியை விற்கப் போகிறவர்கள் யோசித்து வாங்க வேண்டும். பாஸ் ஒரு வண்டிக்கும் அதில் ஒட்டிய ஃபாஸ்டேக்குக்கும் மட்டுமே உரியது. இன்னொரு காருக்கு மாற்ற முடியாது, கட்டிய பணமும் திரும்பாது. வீட்டில் இரண்டு கார் இருந்தால் இரண்டின் அறிக்கையையும் கூட்டிப் பார்த்து ஒரு பாஸ் வாங்குவது பயன் தராது. நீண்ட பயணங்களை எல்லாம் ஒரே காரில் போவது என்று முடிவெடுத்தால்தான் தரும்.

பாஸ் வாங்கியபின் ஏற்படும் சிக்கல்களில் முக்கியமானது ஃபாஸ்டேக் கணக்கைக் காலியாக விட்டுவிடுவது. பாஸுக்கான மூவாயிரம் அந்தக் கணக்கிலிருந்து கழிவதில்லை, யு.பி.ஐ. போன்ற வழிகளில் தனியாகக் கட்டுகிறோம். இரண்டும் வேறு வேறு பைகள். வெளிவட்டச் சாலைக்கு வந்தால் பாஸ் செல்லாது, கணக்கில் இருப்பும் இல்லை என்ற நிலை. தேசிய நெடுஞ்சாலையிலேயே 200 தீர்ந்ததைக் கவனிக்காமல் போனாலும் இதே கதைதான். பாஸ் முடிந்ததும் ஃபாஸ்டேக் பழையபடி கணக்கிலிருந்து பணம் எடுக்கத் தொடங்கும். தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளில் 2025 நவம்பர் 15 முதல், செல்லத்தக்க ஃபாஸ்டேக் இல்லாதவர் யு.பி.ஐ.யில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு, ரொக்கமாகக் கட்டினால் இரண்டு மடங்கு என்று விதி வந்தது. அந்த விதிப்படி இருப்பு இல்லாத ஒரே ஒரு பயணத்தில் ஆறு சாவடிகளிலும் ரொக்கம் கட்டினால் 480 ரூபாய் தண்டம். நான்கு பயணக் குடும்பத்தின் 840 ரூபாய் லாபத்தில் பாதிக்கு மேல் அங்கேயே போய்விடும்.

இன்னொரு சிக்கல் புது வண்டிக்காரர்களுக்கு. விற்பனை நிலையத்தில் ஒட்டித் தரும் ஃபாஸ்டேக் சிலநேரம் வண்டியின் சேசிஸ் எண்ணில் மட்டும் பதிவாகியிருக்கும். பதிவு எண் வந்தபின் வங்கியிடம் சொல்லி அதைச் சேர்க்காவிட்டால் பாஸ் கிடைக்காது. கண்ணாடியில் முறையாக ஒட்டாமல் கையில் வைத்துக் காட்டும் ஃபாஸ்டேக்குக்கும் கிடையாது.

வாங்குவது என்று முடிவானால் ‘ராஜ்மார்க்யாத்ரா’ செயலியிலோ ஆணையத்தின் இணையதளத்திலோ மட்டும் கட்ட வேண்டும். பணம் போய்ச் சேர்ந்த இரண்டு மணி நேரத்துக்குள் பொதுவாகப் பாஸ் செயல்படத் தொடங்கும். ஓராண்டு அன்றே ஓட ஆரம்பிக்கும் என்பதால் ஊருக்குப் போகும் தேதி தெரியாமல் முன்கூட்டி வாங்கிவைப்பதில் பயனில்லை. கிளம்புவதற்கு முந்தைய இரவு வாங்கினால் போதும். விலை நிதியாண்டுக்கு நிதியாண்டு ஏப்ரல் முதல் தேதியில் திருத்தப்படக்கூடியது, அதனால் ஏப்ரலில் பயணம் இருக்கிறவர் மார்ச் கடைசி வாரத்தில் வாங்கிவிடலாம். கிளம்பும் நாளில் முதல் சாவடியைத் தாண்டியதும் வரும் குறுஞ்செய்தியைப் படியுங்கள். கணக்கில் பணம் கழியாமல் தடவை ஒன்று கழிந்ததாக வந்திருந்தால் சரி. வழக்கமான கட்டணம் கழிந்திருந்தால் அடுத்த சாவடி வருவதற்குள் வண்டியை ஓரங்கட்டி, செயலியில் பாஸ் செயல்பாட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.